வாடகை வீடுகளின் கணக்கு: அட்வான்ஸ், பழுது, சொத்து வரி, ஆள்வாரிப் பதிவு

கேள்வி: ஆறு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வந்ததையும் போனதையும் ஒரே நோட்டில் தேதிவாரியாக எழுதுகிறேன். ஆனால் யாராவது காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்பதில் ஒவ்வொரு முறையும் தகராறு வருகிறது. பழுதுச் செலவு, சொத்து வரி எல்லாவற்றையும் சேர்த்து எப்படிக் கணக்கு வைப்பது?

தேதிவாரியாக எழுதுவதில் தவறில்லை. உங்கள் நோட்டில் கைக்கு வந்த பணம் இருக்கிறது, வரவேண்டிய பணம் இல்லை. மே மாதம் ஒருவர் 7,000 கொடுத்தார் என்று எழுதியிருப்பீர்கள். அவர் தரவேண்டியது 10,000 என்பது உங்கள் நினைவில் மட்டும் இருக்கும். எட்டு மாதம் கழித்து அந்த 3,000 உங்களுக்கு நினைவிருக்கும், அவருக்கு இருக்காது. அல்லது அவர் அதை ஏதோ ஒரு குழாய்ச் செலவில் கழித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். தகராறு பிறப்பது அங்கேதான். ஆகவே முதல் மாற்றம் இது: ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, பணம் வந்தாலும் வராவிட்டாலும், குடியிருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் அந்த மாத வாடகையைப் பற்று எழுதிவிடுங்கள். பணம் வரும்போது வரவு வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பாக்கி. பாக்கியை யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அது பக்கத்திலேயே நிற்கும்.

கணக்கை வீட்டின் பெயரில் திறக்காமல் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனியாகத் திறக்க வேண்டும். மூன்றாம் வீட்டில் முதலில் இருந்தவர் போய் இரண்டாமவர் வந்தால் பழைய பக்கத்தை மூடிவிட்டுப் புதுப் பக்கம் தொடங்குங்கள். ஒரே பக்கத்தில் தொடர்ந்தால் பழையவரின் பாக்கி புதியவர் தலையில் ஏறிவிடும். இதற்கு எளிய எண் முறை போதும். மூன்றாம் வீட்டின் இரண்டாவது குடித்தனம் என்றால் வீ3-2. எக்செல் பயன்படுத்தினால் முன்னால் உள்ள ‘வீ’யை விட்டுவிடாதீர்கள், வெறுமனே 3-2 என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும், பிறகு தேடினால் கிடைக்காது. வீட்டுக்கே உரிய செலவுகளுக்கு வீ3 என்று மட்டும் எழுதுங்கள்.

நோட்டோ எக்செலோ, பதிவு ஒன்றே போதும். எட்டுப் பத்திகள்: தேதி, எண், வகை, எந்த மாதத்துக்கு, பற்று, வரவு, வழி, குறிப்பு. வகை என்பதில் வாடகை, அட்வான்ஸ், பழுது, மேம்பாடு, சொத்து வரி, வசூல் என்ற ஆறு சொற்களுக்கு மேல் அதிகம் தேவைப்படாது. ஒரே சொல்லை ஒரே மாதிரி எழுதுங்கள். ஓரிடத்தில் அட்வான்ஸ், இன்னோரிடத்தில் முன்பணம் என்று எழுதினால் கூட்டும்போது பாதி விட்டுப்போகும்.

இவற்றில் பலர் விட்டுவிடுவதும் அதிகம் பயன்படுவதும் ‘வழி’ என்ற பத்தி. அதில் நான்கே சொற்கள்: வங்கி, ரொக்கம், சேர வேண்டியது, சரிக்கட்டு. மாதத் தொடக்கத்தில் வாடகையைப் பற்று எழுதும்போது பணம் எதுவும் நகரவில்லை, அதனால் வழி ‘சேர வேண்டியது’. குடியிருப்பவர் தன் கையிலிருந்து குழாய் மாற்றிவிட்டு வாடகையில் கழித்துக்கொண்டால் அங்கேயும் பணம் உங்களிடம் வரவில்லை, அது ‘சரிக்கட்டு’. இப்படிப் பிரித்துவிட்டால் வங்கி என்று எழுதிய வரிகளை மட்டும் வடிகட்டி வங்கிப் பாஸ்புக்கோடு ஒப்பிடலாம், இடையில் வேறு எதுவும் குறுக்கிடாது.

ஒரு குடித்தனத்தின் வாடகைப் பாக்கியை அறிய, பற்று E பத்தியிலும் வரவு F பத்தியிலும் எண் B பத்தியிலும் வகை C பத்தியிலும் இருந்தால், சூத்திரம் இது:

```
=SUMIFS(E:E,B:B,"வீ3-2",C:C,"வாடகை")-SUMIFS(F:F,B:B,"வீ3-2",C:C,"வாடகை")
```

இந்தச் சூத்திரத்தைப் பதிவு இருக்கும் தாளிலேயே, அந்த எட்டுப் பத்திகளுக்கு வெளியே ஓர் ஓரமாக வையுங்கள். E அல்லது F பத்திக்குள்ளேயே வைத்தால் அது தன்னையே கூட்டப் பார்த்துப் பிழை காட்டும்.

இனி ஒரு குடித்தனத்தை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம். வீ3-2, மாத வாடகை 10,000, பேசிய அட்வான்ஸ் 50,000. ஏப்ரல் 1 அன்று குடி வந்தார். அட்வான்ஸில் 40,000 கொடுத்துவிட்டு மீதி 10,000 ஜூனில் தருவதாகச் சொன்னார். ஏப்ரல் வாடகை முழுதாக வந்தது. மே மாதம் 7,000 மட்டும் வந்தது. ஜூன் 3 அன்று சமையலறைக் குழாய் உடைந்து, உங்களிடம் கேட்டுவிட்டு அவரே 1,800 செலவழித்து மாற்றினார், பில் கொடுத்தார். ஜூன் 5 அன்று வங்கியில் 18,200 வந்தது.

இந்த 18,200ஐ என்ன செய்வது? ‘வீ3-2, வாடகை, 18,200’ என்று ஒரே வரியில் எழுதிவிடத்தான் கை போகும். அப்படி எழுதினால் அன்றே மூன்று கணக்குகள் கெடும். அட்வான்ஸ் 40,000 என்றே நிற்கும், காலி செய்யும் நாளில் அவர் 50,000 கேட்பார். வாடகை வருமானம் கூடுதலாகத் தெரியும். குழாய்ச் செலவு 1,800 எங்குமே பதிவாகாது. உண்மையில் அந்தத் தொகையில் 10,000 அட்வான்ஸ் மீதி. 8,200 வாடகை, அதாவது 10,000த்தில் குழாய்ச் செலவு போக மிச்சம். வங்கியில் ஒரே வரி என்றாலும் பதிவில் இரண்டு வரிகளாகப் பிரித்து, குறிப்பில் ‘18,200இல் பகுதி’ என்று இரண்டிலும் எழுதுங்கள். குழாய்க்குத் தனியே இரண்டு வரிகள் வேண்டும்: வீ3-2 வாடகையில் வரவு 1,800, வீ3 பழுதில் பற்று 1,800, இரண்டுக்கும் வழி சரிக்கட்டு. அவரது வாடகைப் பக்கம் இப்போது இப்படி இருக்கும்:

| தேதி | விவரம் | பற்று | வரவு | பாக்கி |
|---|---|---|---|---|
| ஏப்ரல் 1 | ஏப்ரல் வாடகை | 10,000 | | 10,000 |
| ஏப்ரல் 5 | வங்கி | | 10,000 | 0 |
| மே 1 | மே வாடகை | 10,000 | | 10,000 |
| மே 6 | வங்கி | | 7,000 | 3,000 |
| ஜூன் 1 | ஜூன் வாடகை | 10,000 | | 13,000 |
| ஜூன் 3 | குழாய், சரிக்கட்டு | | 1,800 | 11,200 |
| ஜூன் 5 | வங்கி | | 8,200 | 3,000 |

மே மாதத்து 3,000 கண்ணெதிரே நிற்கிறது. ஒரே வரியாக 18,200 என்று எழுதியிருந்தால், குழாய் வரியும் இல்லாமல், பாக்கி கழித்தல் 5,200 என்று வந்திருக்கும். பாக்கி கழித்தலில் போவதற்குக் காரணங்கள் மிகக் குறைவு: ஒன்று, அவர் உண்மையிலேயே முன்கூட்டி வாடகை கொடுத்திருக்கிறார், இல்லாவிட்டால் அட்வான்ஸோ வேறொருவர் பணமோ வாடகையில் ஏறியிருக்கிறது, அல்லது ஒரு மாதத்துக்குப் பற்று எழுத மறந்துவிட்டீர்கள். கழித்தல் குறியைப் பார்த்தவுடன் இவற்றை வரிசையாகச் சோதியுங்கள்.

குறைந்து வரும் பணத்தை எந்த மாதத்தில் வைப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். கொடுப்பவர் இந்த மாதத்துக்கு என்று சொன்னால் அந்த மாதம். சொல்லாவிட்டால் பழைய பாக்கிக்கு முதலில். மொத்தப் பாக்கி எப்படியும் ஒன்றுதான். ஆனால் ரசீதில் ஜூன் வாடகை முழுதும் பெற்றேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மே பாக்கியைக் கேட்டால், அதற்கு முந்தைய மாதங்களும் தீர்ந்துவிட்டன என்று அவர் வாதிட இடம் கொடுத்ததாகும். அதனால் ரசீதில் எப்போதும் மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்த மாதத்துக்கு, எவ்வளவு, இதன் பிறகு பாக்கி எவ்வளவு. ரசீது எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், அடிக்கட்டை உங்களிடம் இருக்க வேண்டும். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல் குறுக்கே கோடிட்டு அடிக்கட்டையோடு சேர்த்து வையுங்கள். எண் விட்டுப்போனால் ரொக்கம் எங்கோ போனதாகத்தான் தோன்றும்.

வங்கியில் வரும் பணம் பல நேரம் வேறு பெயரில் வரும். குடியிருப்பவரின் தம்பி அனுப்புவார், மனைவியின் கணக்கிலிருந்து வரும், சில சமயம் அவர் வேலை செய்யும் நிறுவனமே அனுப்பும். யார் யார் பெயரில் பணம் வரக்கூடும் என்பதைக் குடித்தனப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். இரண்டு வீடுகளுக்கு ஒரே வாடகை இருக்கும்போது, ஒருவர் பணத்தை மற்றவர் கணக்கில் வைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். ஒருவருக்குப் பாக்கி, இன்னொருவருக்குக் கழித்தல், இரண்டும் ஒரே தொகை என்றால் அதுதான் நடந்திருக்கிறது.

அட்வான்ஸுக்கு வருவோம். அது உங்கள் வருமானம் இல்லை, நீங்கள் திருப்பித் தரவேண்டிய கடன். இதைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் நோட்டில் அது வரவுப் பத்தியில் வாடகையோடு கலந்து உட்கார்ந்திருக்கும்போது, ஆண்டுக் கூட்டலில் வருமானமாகத்தான் தெரியும். வகையில் ‘அட்வான்ஸ்’ என்று பிரித்து எழுதினாலே இது சரியாகிவிடும். அதோடு ஒரு தனிப் பட்டியல் வையுங்கள்: குடித்தன எண், பேசிய தொகை, வந்த தொகை, வந்த தேதிகள், திருப்பிய தொகை, இருப்பு. பேசியதும் வந்ததும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 50,000 என்று எழுதிக் கையெழுத்திட்டு, கையில் 40,000 மட்டும் வாங்கியிருந்தால், பிறகு ஒப்பந்தம்தான் பேசும். மீதி எப்போது வந்தது என்பதற்கோ வரவில்லை என்பதற்கோ உங்களிடம் எழுத்து வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் தனி ரசீது கொடுத்திருந்தால் அதுவே போதும்.

அந்தப் பட்டியலின் கடைசி வரியில் ஆறு வீடுகளுக்கும் சேர்த்து எவ்வளவு இருப்பு என்று தெரியும். அவ்வளவு பணம் உங்களுடையதல்ல. முடிந்தால் அதைத் தனி வங்கிக் கணக்கில் வைத்துவிடுவது நல்லது. முடியாமல் வீட்டுச் செலவுக்கோ கட்டட வேலைக்கோ எடுத்திருந்தால், எவ்வளவு எடுத்தீர்கள் என்பதையாவது எழுதுங்கள். ஒரே மாதத்தில் இருவர் காலி செய்தால் எவ்வளவு புரட்ட வேண்டும் என்பது அப்போதுதான் முன்கூட்டியே தெரியும்.

பழையவர் போகும்போது புதியவர் தரும் அட்வான்ஸிலிருந்தே கொடுப்பது வழக்கம். கொடுக்கலாம், ஆனால் எழுதும்போது கழித்து எழுதாதீர்கள். புதியவர் 60,000 கொடுத்து, அதில் பழையவருக்கு 25,160 போனது என்றால், 34,840 வரவு என்று ஒரே வரியில் எழுதிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அதன் விளைவு, புதியவரின் அட்வான்ஸ் 34,840 என்று பதிவாகிவிடும், பழையவரின் கணக்கு மூடப்படாமலே கிடக்கும். 60,000 ஒரு வரி, 25,160 இன்னொரு வரி.

அந்த 25,160 எப்படி வந்தது என்பதை வீ3-2இன் கணக்கிலேயே பார்க்கலாம். அவர் அடுத்த ஆண்டு ஜனவரி 31 அன்று காலி செய்கிறார். டிசம்பர், ஜனவரி வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னார், ஒப்புக்கொண்டீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கும் வழக்கம்போல 1ஆம் தேதி பற்று எழுத வேண்டும். அட்வான்ஸில் கழியப்போகிறதே என்று விட்டுவிடக் கூடாது. மே பாக்கியும் சேர்த்து வாடகைப் பாக்கி 23,000. கடைசி மின்கட்டணம் 640, நீங்கள் கட்டினீர்கள். உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்ற 1,200 ஆனது. சுவர்களுக்கு வெள்ளையடிக்க 9,000 ஆனது.

கண்ணாடி அவர் உடைத்தது, அது அவர் பொறுப்பு. வெள்ளையடிப்பது, ஒப்பந்தத்தில் அவர் தலையில் வைக்கப்பட்டிருந்தால் தவிர, குடியிருந்தால் சுவர் மங்கும் என்ற இயல்பான தேய்மானம். அது உங்கள் செலவு. இந்த எல்லையை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருந்தால் பேச்சுக்கு இடமில்லை. எழுதாவிட்டால், குடி வரும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும், குழாய், சுவிட்ச், கதவு, பூட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். படம் இல்லாமல் வந்தபோதே விரிசல் இருந்தது என்று அவர் சொன்னால் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

மின்கட்டணமும் கண்ணாடியும் நீங்கள் கொடுத்து அவரிடம் திரும்ப வாங்கவேண்டியவை. அவற்றை வீட்டுச் செலவில் எழுதாமல், வீ3-2 பெயரில் ‘வசூல்’ என்ற வகையில் பற்று எழுதுங்கள், வழி வங்கி. பிறகு கணக்கு முடிக்கும் நாளில் சரிக்கட்டு வரிகள்: அட்வான்ஸில் பற்று 24,840, எதிரே வாடகையில் வரவு 23,000, வசூலில் வரவு 1,840. மீதி 25,160ஐ வங்கி வழியே கொடுத்து அட்வான்ஸில் பற்று. 24,840ம் 25,160ம் சேர்ந்து 50,000. அவரது வாடகை, வசூல், அட்வான்ஸ் மூன்றும் பூஜ்யம். மூன்றில் ஒன்று பூஜ்யமாகவில்லை என்றால் கணக்கு முடியவில்லை, பணம் கொடுக்காதீர்கள். எல்லாம் சரியானால் இதையே ஒரு தாளில் வரிவரியாக எழுதி, கண்ணாடி பில், மின்கட்டண ரசீது நகல்களை இணைத்து, ‘பாக்கி ஏதுமில்லை’ என்று இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸில் கழித்த 23,000 அந்த நாளிலிருந்து வாடகையாகிவிடுகிறது. அதுவரை அது வருமானமில்லை, அதன் பிறகு வருமானம். கையில் புதிதாகப் பணம் வரவில்லையே என்று இதை ஆண்டு வாடகையில் சேர்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சரிக்கட்டு வரி எழுதியிருந்தால் வாடகை வரவைக் கூட்டும்போது அது தானாக உள்ளே வந்துவிடும். வருமான வரிக்குச் சேர வேண்டிய வாடகையைக் காட்டுவதா, வந்த வாடகையைக் காட்டுவதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பற்றுப் பத்தி முதலாவதையும் வரவுப் பத்தி இரண்டாவதையும் சொல்லும் என்பதால் எது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம்.

பழுதுச் செலவில் முக்கியமான பிரிவு ஒன்றுதான். இருந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பழுது. இல்லாததைச் சேர்ப்பது மேம்பாடு. மோட்டாருக்குக் காயில் கட்டுவது பழுது. புதிதாக ஆழ்துளைக் கிணறு போடுவது மேம்பாடு. ஒழுகும் தளத்தைப் பூசுவது பழுது, அதன்மேல் ஓர் அறை கட்டுவது மேம்பாடு. இரண்டும் ஒரே கொத்தனார் ஒரே வாரத்தில் செய்த வேலையாக இருந்தால் பில்லைக் கேட்டே பிரித்து வாங்குங்கள். பிரிப்பதற்குக் காரணம், வரிச் சட்டங்கள் பலவற்றில் பழுதுச் செலவும் மேம்பாட்டுச் செலவும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. பல இடங்களில் மேம்பாட்டுச் செலவு வீட்டின் அடக்க விலையோடு சேர்ந்து, விற்கும்போதுதான் பயன்படும். ஆகவே அந்த பில்களை வீடு உங்களிடம் இருக்கும்வரை வைத்திருக்க வேண்டும். கடைகளில் இயந்திரம் அச்சடிக்கும் பளபளப்பான வெப்பத்தாள் பில்கள் சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே நகலெடுங்கள் அல்லது படமெடுத்து வையுங்கள்.

பில் தராத வேலையாள் கூலிக்கு ஒரு செலவுச் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேதி, எந்த வீடு, என்ன வேலை, எத்தனை ஆள், எத்தனை நாள், தொகை. முன்பணம் கொடுத்தால் அதைப் பழுதுச் செலவில் எழுதிவிடாதீர்கள். வேலை முடியும்வரை அது அவர் பெயரில் நிற்கும் பணம். வேலை முடிந்து மொத்தக் கணக்கு வந்ததும் முழுத் தொகையையும் பழுதில் எழுதி, முன்பணத்தைச் சரிக்கட்டுங்கள். முன்பணத்தையும் பிறகு மொத்தத் தொகையையும் இரண்டு தடவை செலவாக எழுதிவிடுவது இங்கேதான் நடக்கும்.

இரண்டு வீடுகளுக்குச் சேர்த்து வாங்கிய சாமானின் பில்லில், எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று அந்த பில்லின் மேலேயே எழுதுங்கள். பிரித்த தொகைகளின் கூட்டல் பில் தொகைக்குச் சமமா என்று பார்த்துவிடுங்கள். வீட்டுவாரியாகப் பழுதை எழுதுவதில் இன்னொரு பயன் உண்டு. ஒரு வீட்டின் குளியலறையில் ஓராண்டுக்குள் மூன்று முறை கசிவுக்குப் பூசியிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் தெரியும்; மூன்று சிறு தொகைகளின் கூட்டலைப் பார்த்தால் குழாயையே மாற்றியிருக்கலாமே என்பதும் தெரியும். குறிப்புப் பத்தியில் ‘பிளம்பிங் வேலை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இது புலப்படாது. எந்த இடம், எந்தப் பொருள், உத்தரவாதம் எதுவரை என்று எழுதுங்கள்.

சொத்து வரிக்கு வரிவிதிப்பு எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். வீடுகளின் எண்ணிக்கையும் வரிவிதிப்பு எண்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒத்துவராது. ஒரே கட்டடத்தில் மூன்று பகுதிகள் இருந்து ஒரே எண்ணாக இருக்கும். பக்கத்தில் காலம், கேட்ட தொகை, கடைசித் தேதி, கட்டிய தேதி, கட்டிய தொகை, ரசீது எண் இருக்கட்டும். எந்தக் காலத்துக்கு என்பதும் எப்போது கட்டினீர்கள் என்பதும் கட்டாயம் தனித்தனியாக வேண்டும். போன ஆண்டு வரியை இந்த ஆண்டு கட்டினால், எந்த ஆண்டுச் செலவாகக் காட்டலாம் என்பதற்கு ஒவ்வோர் இடத்து விதியும் வேறு. இரண்டு தேதியும் இருந்தால்தான் எந்த விதிக்கும் பதில் சொல்ல முடியும். தாமதத்துக்கான அபராதத்தை வரியோடு கூட்டாமல் தனி வரியில் எழுதுங்கள். வரிச் சலுகை கிடைக்கும் இடங்களில்கூட அபராதத்துக்கும் அது கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ரசீதில் குடிநீர், கழிவுநீர்க் கட்டணம் சேர்ந்து வந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

ஒரே எண்ணில் பல பகுதிகள் இருந்தால் வரியைப் பரப்பளவின்படி பங்கிடுவது நியாயமாக இருக்கும். 600, 500, 400 சதுர அடி கொண்ட மூன்று பகுதிகளுக்கு வரி 7,200 என்றால், மொத்தம் 1,500 சதுர அடி, சதுர அடிக்கு 4.80. பங்குகள் 2,880, 2,400, 1,920. காலியாகக் கிடக்கும் பகுதிக்கும் அதன் பங்கு உண்டு. அதை மற்ற இரண்டின்மேல் ஏற்றினால் அந்த வீடுகளின் வருமானம் குறைந்ததுபோலத் தெரியும். ஒருமுறை எடுத்த முறையை ஆண்டுதோறும் மாற்றாதீர்கள்.

இணையத்தில் கட்டும்போது பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் வரும் பெயரையும் கதவு எண்ணையும் படியுங்கள். ஓர் இலக்கம் மாறினால் யாரோ ஒருவரின் வரியைக் கட்டிவிடுவீர்கள். உங்கள் வரி பாக்கியாகவே நின்று அபராதம் ஏறும். ஒப்பந்தப்படி குடியிருப்பவரே வரி கட்டுவதாக இருந்தால், அவர் கட்டியதாகச் சொன்னதை எழுதாமல், ரசீதைப் பார்த்த பிறகு எழுதுங்கள். பாக்கி நின்றால் கேட்பது சொத்து உங்கள் பெயரில் இருப்பதால் உங்களைத்தான்.

மாதக் கடைசியில் நான்கு சோதனைகள் செய்தால் பிழை அடுத்த மாதத்துக்குப் போகாது. வங்கி வரிகளில், தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் பாஸ்புக் இருப்பு வரவேண்டும். ரொக்க வரிகளிலும் அப்படியே, கையிலுள்ள பணம் வரவேண்டும். வீட்டுக்கு எடுத்ததை ‘சொந்த எடுப்பு’ என்று எழுதாவிட்டால் இது ஒருநாளும் ஒத்துவராது. சரிக்கட்டு என்ற வரிகளில் பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கத்தை எழுதி மறுபக்கத்தை விட்டிருக்கிறீர்கள். கடைசியாக, அந்த மாதம் பற்று எழுதிய வாடகை வரிகளின் எண்ணிக்கையும் காலி வீடுகளும் சேர்ந்து ஆறு ஆகவேண்டும். காலி வீட்டுக்கும் ‘காலி’ என்று தொகையில்லாமல் ஒரு வரி எழுதுங்கள். வாடகை உயர்ந்த மாதத்தில், புதுத் தொகையைப் பற்று எழுதினீர்களா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

சோதனை முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள்: ‘ஜூன் முடிய வாடகைப் பாக்கி 3,000. எங்களிடம் உள்ள அட்வான்ஸ் 50,000.’ ஒத்துக்கொள்ளாதவர் அன்றே சொல்லிவிடுவார். குழாய் பில் நினைவிருக்கும்போது பேசித் தீர்ப்பது எளிது.

இப்போதுள்ள பழைய நோட்டை முதலிலிருந்து திருத்தி எழுத வேண்டாம், அது முடியாது. வரும் மாதம் 1ஆம் தேதியைத் தொடக்க நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கும் தனித்தனியாக அன்று வரையிலான வாடகைப் பாக்கி, வசூல் பாக்கி, உங்களிடம் உள்ள அட்வான்ஸ் மூன்றையும் எழுதி அவர்களிடம் காட்டுங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் பழைய ரசீது, பாஸ்புக் வைத்து இப்போதே பேசி ஒரு தொகைக்கு வந்துவிடுங்கள். ஒரு சிறு தொகையை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. இருவரும் கையெழுத்திட்ட அந்தத் தொகைகளே புதுப் பதிவின் முதல் வரிகள்: வாடகை, வசூல் பாக்கிகள் பற்றில், அட்வான்ஸ் வரவில், வழி என்ற பத்தியில் நான்கு சொற்களுக்கும் பதிலாக ‘தொடக்கம்’.